ஒரு குளோரின் அணு, ஒரு லட்சம் ஓசோன்: சுழற்சியை எழுதி, எண்ணிப் பார்க்கும் முழு வழிகாட்டி

சுங்கை சிப்புட்டில் சாயங்கால டியூஷனுக்கு வரும் படிவம் ஆறு பிள்ளைகளிடம் ஓசோனைப் பற்றிக் கேட்டால், "ஒரு குளோரின் அணு ஒரு லட்சம் ஓசோனை அழிக்கும் சார்" என்று உடனே சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். இரண்டு சமன்பாடுகளை எழுதத் தெரியும், வினையூக்கி என்ற பெயரும் தெரியும். ஆனால் எண்ணிக்கை மட்டும் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடமாக நிற்கிறது.

அதை ஒரு தாள், பென்சில், சாதாரண கால்குலேட்டர் ஆகியவற்றை வைத்தே கண்டுபிடிக்கலாம். அதற்கு எடுத்துக்கொள்ளும் இடம் 40 கிலோமீட்டர் உயரம். நம் பட்டணத்துக்கு நேர் மேலே அண்ணாந்து பார்த்தால், மழை மேகங்களின் உச்சி 16, 17 கிலோமீட்டரோடு முடிந்துவிடும். அதற்கும் மேலே, இரண்டு மடங்குக்கும் அதிகமான தூரத்தில் நாம் பேசப்போகும் காற்று இருக்கிறது. இந்தச் சுழற்சி மிக நன்றாக வேலை செய்வது அந்த உயரத்தில்தான். காரணம் போகப்போகத் தெரியும்.

முதலில் குளோரினை மறந்துவிடுங்கள்

குளோரின் வருவதற்கு முன்பே ஓசோன் உண்டாகிக்கொண்டும் அழிந்துகொண்டும்தான் இருந்தது. 1930இல் சிட்னி சாப்மன் எழுதிய நான்கு வினைகள் இவை:

```
O2 + ஒளி → O + O
O + O2 + M → O3 + M
O3 + ஒளி → O2 + O
O + O3 → O2 + O2
```

M என்பது பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு மூலக்கூறு, பெரும்பாலும் நைட்ரஜன். மிச்ச ஆற்றலை வாங்கிக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை.

மூன்றாவது வினையில் ஓசோன் உடைகிறது. இதை அழிவு என்று எழுதிவிடும் பிள்ளைகள் நிறைய. அது அழிவு இல்லை. அங்கே பிரிந்த O அணு, 40 கிலோமீட்டரில் ஒரு வினாடிக்குள் இன்னொரு O2வைப் பிடித்து மறுபடியும் ஓசோனாகிவிடும். புற ஊதா ஒளி வெப்பமாக மாறியதைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை. அதனால் O, O3 இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒற்றை O அணுவாக இருந்தாலும் சரி, ஓசோனில் ஒட்டியிருந்தாலும் சரி, இன்று O, நாளை O3. அந்த மொத்தக் கணக்கு குறைந்தால்தான் ஓசோன் அழிகிறது என்று சொல்லலாம். நான்கில் மொத்தக் கணக்கைக் குறைப்பது கடைசி வினை மட்டுமே. ஒரு O, ஒரு O3 இரண்டும் சேர்ந்து, இரண்டு சாதாரண O2 ஆகிவிடுகின்றன. அப்புறம் அவற்றைத் திரும்ப ஓசோனாக்க, 242 நானோமீட்டருக்கும் குறைவான அலைநீளமுள்ள வலுவான புற ஊதா ஒளி மறுபடி O2வை உடைத்தாக வேண்டும்.

இந்தக் கடைசி வினை 392 கிலோஜூல்/மோல் வெப்பத்தை வெளிவிடுகிறது. அவ்வளவு ஆற்றல் வெளிவரும் வினை வேகமாக நடக்கும் என்று நினைக்கத் தோன்றும். நடப்பதில்லை. அதற்குச் சுமார் 17 கிலோஜூல்/மோல் கிளர்வு ஆற்றல் தேவை. மேலே வெப்பநிலை ஏறக்குறைய 250 கெல்வின், அதாவது சுழியத்துக்குக் கீழே 23 டிகிரி. அந்தக் குளிரில் மோதும் மூலக்கூறுகளில் மிகச் சிலவற்றிடம்தான் அந்த 17 கிலோஜூல் இருக்கும். ஓசோன் படலம் நிலைத்து நிற்பதற்கு ஒரு முக்கியக் காரணம் இந்தத் தயக்கம்தான். குளோரின் உடைப்பதும் இதைத்தான்.

குளோரின் அணு மேலே எப்படி வருகிறது

பழைய ஐஸ் பெட்டியிலும் கார் ஏர்கோனிலும் ஓடிய R-12 என்ற சிஎஃப்சி வாயுவை எடுத்துக்கொள்வோம். அதன் வாய்பாடு CF2Cl2. அது தண்ணீரில் கரையாது, கீழ்க்காற்றில் எதனோடும் வினை புரியாது. அதன் ஆயுள் சுமார் 100 ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மழை மேகங்களுக்கு மேலே இருக்கும் அடுக்கு மண்டலத்துக்குள் காற்று ஏறுவது பெரும்பாலும் நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகள் வழியாகத்தான். நம் தலைக்கு மேலே இருக்கும் வானமும் அந்த வழியில் ஒரு பகுதி. ஆக, உலகத்தின் எந்த மூலையில் கசிந்த சிஎஃப்சியும் ஒரு கட்டத்தில் இந்த வெப்பமண்டல வானம் வழியாகவே மேலே போகிறது.

மேலே போனதும் ஒளி அதை உடைக்கிறது:

```
CF2Cl2 + ஒளி → CF2Cl• + Cl•
```

புள்ளி என்பது இணை சேராத ஓர் எலக்ட்ரானைக் காட்டும் குறி. அப்படி ஓர் எலக்ட்ரான் தனியாக நிற்கும் அணுவோ மூலக்கூறோதான் ரேடிக்கல். பரீட்சைத் தாளில் இந்தப் புள்ளியை விட்டுவிடாதீர்கள்.

இந்த இடத்தில் நல்ல பிள்ளை ஒருவர் ஒரு கேள்வி கேட்பார். C–Cl பிணைப்பை உடைக்கச் சுமார் 330 கிலோஜூல்/மோல் போதும். அதற்கு 360 நானோமீட்டர் ஒளியே போதுமே, அந்த ஒளி இங்கே தரையிலேயே கிடைக்கிறதே, பிறகு ஏன் கீழேயே உடையவில்லை? ஆற்றல் போதுமானதாக இருந்தால் மட்டும் போதாது, மூலக்கூறு அந்த ஒளியை உறிஞ்சவும் வேண்டும். சிஎஃப்சி குறிப்பிடத்தக்க அளவு உறிஞ்சுவது சுமார் 230 நானோமீட்டருக்குக் கீழேதான். அந்த ஒளியை மேலே இருக்கும் ஆக்சிஜனும் ஓசோனும் தடுத்துவிடுகின்றன. 200 நானோமீட்டரை ஒட்டி அவற்றின் தடுப்பு கொஞ்சம் பலவீனமாக இருக்கிறது. அந்த இடைவெளி வழியாக வரும் ஒளியைச் சந்திக்கச் சிஎஃப்சி 20 கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும். C–F பிணைப்பு இன்னும் வலுவானது என்பதால் முதலில் பிரிவது எப்போதும் குளோரின்தான்.

நீச்சல் குளத்துக் குளோரினும் கடல் உப்பும் ஏன் மேலே போவதில்லை என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. அவை நீரில் கரைகின்றன. ஒரு மழையில் கீழே வந்துவிடும்.

சுழற்சியின் இரண்டு படிகள்

இப்போது 40 கிலோமீட்டரில் ஒரு குளோரின் அணு தனியாக நிற்கிறது. தாளில் இப்படி எழுதுங்கள்:

```
படி 1:  Cl• + O3 → ClO• + O2
படி 2:  ClO• + O → Cl• + O2
-----------------------------
மொத்தம்: O + O3 → 2 O2
```

கூட்டும்போது இரண்டு பக்கமும் வருவதை அடித்துவிடுங்கள். Cl• இடதுபக்கம் ஒன்று, வலதுபக்கம் ஒன்று. ClO• வலதில் ஒன்று, இடதில் ஒன்று. இரண்டும் போய்விடும். மிஞ்சும் சமன்பாட்டில் குளோரின் இருக்கவே கூடாது. இருந்தால் எங்கோ தவறு. மிஞ்சியது சாப்மனின் நான்காவது வினையேதான் என்பதைக் கவனியுங்கள். குளோரின் புதிதாக எந்த வினையையும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த, தயங்கித் தயங்கி நடந்த வினைக்கு வேறொரு வழியைத் திறந்துவிட்டது. வினையூக்கி என்பதன் பொருள் இதுதான்.

நம் ஊருக்குப் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்றுகிறது, ஆலையில் கொட்டுகிறது, காலியாகத் திரும்புகிறது, அடுத்த சுமைக்கு நிற்கிறது. லோரி காலியாகத் திரும்புவதால்தான் ஒரே லோரி ஒரு வருடத்தில் ஆயிரக்கணக்கான டன் ஏற்றுகிறது. குளோரின் ஓசோனிலிருந்து ஓர் ஆக்சிஜனை ஏற்றி ClO ஆகிறது. O அணுவிடம் அதை இறக்கிவிட்டு மறுபடி Cl ஆகத் திரும்புகிறது.

ஆற்றலையும் சரிபார்த்துவிடலாம். படி 1 வெளியிடுவது சுமார் 162 கிலோஜூல்/மோல். படி 2 வெளியிடுவது சுமார் 230. கூட்டினால் 392. குளோரின் இல்லாத வினைக்கும் இதே அளவுதான் வந்தது. வினையூக்கி தொடக்கத்தையும் முடிவையும் மாற்றுவதில்லை, நடுவில் இருக்கும் தடையை மட்டுமே மாற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

படி 2இல் பல குறிப்பேடுகளில் நான் பார்க்கும் ஒரு தவறு உண்டு. O அணுவுக்குப் பதிலாக இன்னொரு ஓசோனைப் போட்டு, ClO• + O3 → Cl• + 2 O2 என்று எழுதிவிடுகிறார்கள். தாளில் அணுக்கள் சரியாகச் சமன்படுவதால் சந்தேகமே வராது. ஆய்வகத்தில் அளந்தால் இந்த வினை ஏறக்குறைய நடப்பதே இல்லை. O அணுவோடு நடக்கும் வினையைவிட அது பல லட்சம் மடங்கு மெதுவானது. சமன்படும் சமன்பாடு எல்லாம் உண்மையில் நடக்கும் வினை ஆகிவிடாது.

தடை குறைந்தால் எவ்வளவு வேகம்

படி 1இன் கிளர்வு ஆற்றல் 2 கிலோஜூல்/மோலுக்கும் குறைவு. படி 2இல் தடையே இல்லை எனலாம். ரேடிக்கலிடம் இணை தேடும் எலக்ட்ரான் தயாராக நிற்பதால் பழைய பிணைப்பை முழுதாக உடைத்துவிட்டுப் புதியதைக் கட்ட வேண்டியதில்லை. 250 கெல்வினில் வேக மாறிலிகள் தோராயமாக இப்படி வரும், அலகு செ.மீ.³/மூலக்கூறு/வினாடி:

```
O + O3      2 × 10⁻¹⁵
Cl + O3     1 × 10⁻¹¹
ClO + O     4 × 10⁻¹¹
```

முதலாவதையும் மூன்றாவதையும் ஒப்பிடுங்கள். ஒரு O அணு, ஓசோனோடு வினை புரிவதைவிட ClOவோடு வினை புரிவது ஏறக்குறைய 20,000 மடங்கு வேகம்.

ஓசோனோடு ஒப்பிட்டால் ClO மேலே மிக மிகக் குறைவு. 40 கிலோமீட்டரில் ஓசோன் பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளுக்கு 6 என்ற அளவில் இருக்கிறது. சிஎஃப்சி காலத்தில் ClOவின் அளவு நூறு கோடிக்கு அரை, அதாவது இருநூறு கோடிக்கு ஒன்று என்ற அளவில்தான். ஓசோன் 12,000 இருந்தால் ClO ஒன்று. ஆனால் அந்த ஒன்றின் வேகம் 20,000 மடங்கு. பெருக்கிப் பாருங்கள். 12,000 ஓசோன் மூலக்கூறுகள் சேர்ந்து O அணுக்களை விழுங்கும் வேகத்தைவிட, நடுவில் இருக்கும் ஒரே ஒரு ClO விழுங்கும் வேகம் அதிகம். நூறு கோடியில் ஒன்றுகூடத் தேறாத ஒரு பொருள் எப்படி இவ்வளவு பெரிய படலத்தைப் பாதிக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் பெருக்கலைத்தான் காட்டுவேன்.

ஒரு லட்சத்தை எண்ணுவோம்

சங்கிலி எத்தனை சுற்று ஓடும் என்பதை முடிவு செய்வது, ஒவ்வொரு முறையும் குளோரின் அணுவுக்கு முன்னால் இருக்கும் இரண்டு வழிகள். ஒன்று ஓசோனோடு சேருவது. இன்னொன்று மீத்தேனோடு சேர்ந்து சுழற்சியை விட்டு வெளியேறுவது:

```
Cl• + CH4 → HCl + CH3•
```

HCl ஓசோனைத் தொடாது. குளோரின் அதற்குள் அடைந்து கிடக்கும்.

250 கெல்வினில் இந்த வினையின் மாறிலி சுமார் 4.4 × 10⁻¹⁴. 40 கிலோமீட்டரில் ஒரு கன சென்டிமீட்டரில் ஓசோன் மூலக்கூறுகள் ஏறக்குறைய 5 × 10¹¹, மீத்தேன் ஏறக்குறைய 4 × 10¹⁰ என்று வைத்துக்கொள்வோம். ஒரு குளோரின் அணு வினாடிக்கு எத்தனை முறை வினை புரியும் என்று பார்க்க, மாறிலியை எண்ணிக்கையால் பெருக்குங்கள்.

```
ஓசோனோடு:   1 × 10⁻¹¹ × 5 × 10¹¹   = வினாடிக்கு 5
மீத்தேனோடு: 4.4 × 10⁻¹⁴ × 4 × 10¹⁰ = வினாடிக்கு 0.0018
விகிதம்:    5 ÷ 0.0018 ≈ 2,800
```

ஒவ்வொரு முறையும் வெளியேறும் வாய்ப்பு ஏறக்குறைய 2,800இல் ஒன்று. அப்படியானால் சராசரியாக 2,800 சுற்று ஓடிய பிறகுதான் ஒரு குளோரின் அணு மீத்தேனிடம் மாட்டிக்கொள்ளும். சில அணுக்கள் பத்தாவது சுற்றிலேயே மாட்டும், சில பத்தாயிரம் தாண்டும். நாம் பேசுவது சராசரி.

இந்த 2,800 சுற்றும் ஓசோனை அழித்ததாகக் கணக்கு வைத்துவிட முடியாது. ClO எப்போதும் O அணுவையே சந்திப்பதில்லை. நைட்ரிக் ஆக்ஸைடும் அங்கே இருக்கிறது:

```
ClO• + NO → Cl• + NO2
NO2 + ஒளி → NO + O
O + O2 + M → O3 + M
```

குளோரின் திரும்பிவிட்டது, சுற்று முடிந்தது. ஆனால் அது ஓசோனிடமிருந்து எடுத்த ஆக்சிஜன் திரும்ப ஓசோனாகவே ஆகிவிட்டது. மொத்தத்தில் எந்த அழிவும் இல்லை. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இந்த வெற்றுச் சுற்றைச் சொல்வதில்லை. அதைச் சேர்க்காமல் போட்டால் எண்ணிக்கை எங்கேயோ போய்விடும்.

40 கிலோமீட்டரில் பகல் நேரத்தில் O அணுவும் NOவும் கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 10⁹ என்ற ஒரே அளவில் இருப்பதாக எடுத்துக்கொள்வோம். ClOவோடு NOவின் மாறிலி சுமார் 2 × 10⁻¹¹. O அணுவுக்கு அது 4 × 10⁻¹¹. ஆக மூன்று சுற்றில் இரண்டு உண்மையானது, ஒன்று வெற்று. 2,800இல் மூன்றில் இரண்டு எடுத்தால் ஏறக்குறைய 1,900 உண்மையான சுற்று. இரண்டு வேகங்களையும் கூட்டினால் வினாடிக்கு 0.06, அதாவது ஒரு ClO மறுபடி Cl ஆகச் சுமார் 17 வினாடி. படி 1 ஐந்தில் ஒரு வினாடியில் முடிந்துவிடுகிறது, காத்திருப்பு முழுவதும் படி 2இல்தான். 2,800 சுற்றை 17ஆல் பெருக்கினால் 47,600 வினாடி, சுமார் 13 மணி நேர வெயில். ஒரு நாள் பகல் என்று வைத்துக்கொள்ளலாம். இரவில் O அணு இல்லை, சுழற்சி நின்றுவிடும்.

ஒரு நாள், 1,900 ஓசோன். ஒரு லட்சத்துக்கு இது போதாது. இங்கேதான் பெரும்பாலான விளக்கங்கள் நின்றுவிடுகின்றன. ஆனால் HCl ஆகிவிட்ட குளோரின் செத்துப்போகவில்லை, காற்றில் இருக்கும் OH ரேடிக்கல் அதை விடுவிக்கிறது:

```
HCl + OH• → Cl• + H2O
```

250 கெல்வினில் இதன் மாறிலி சுமார் 6.6 × 10⁻¹³. பகலில் OH சராசரி கன சென்டிமீட்டருக்கு 10⁷ என்று எடுத்தால் ஒரு HCl சுமார் 1.5 லட்சம் வினாடி வெயிலில் காத்திருக்கும். அது ஏறக்குறைய 42 மணி நேரம், மூன்றரை நாள் பகல். பிறகு குளோரின் மறுபடி விடுதலை. ஒரு நாள் ஓட்டம், மூன்றரை நாள் முடக்கம். மொத்தம் நாலரை நாள், வசதிக்காக ஐந்து என்று வைப்போம்.

```
365 ÷ 5 = 73 ஓட்டம்
73 × 1,900 ≈ 1,40,000
```

ஒரு லட்சம் வந்துவிட்டது. 40 கிலோமீட்டரில் ஒரு வருடம் இருந்தாலே ஒரு குளோரின் அணு அந்த எண்ணைத் தாண்டிவிடுகிறது. உண்மையில் எந்தக் காற்றும் ஒரே உயரத்தில் ஒரு வருடம் நிற்பதில்லை. கீழே இறங்கும்போது சுழற்சி மந்தமாகும், நான் சேர்க்காத வேறு வினைகளும் இருக்கின்றன, நான் எடுத்த அளவுகள் எல்லாம் முழுமைப்படுத்தியவை. மறுபக்கம், குளோரின் அடுக்கு மண்டலத்தில் சில ஆண்டுகள் தங்குகிறது. அதனால் ஒரு லட்சம் என்பதை துல்லியமான எண்ணாக எடுக்கக் கூடாது, எந்த அளவில் என்று சொல்லும் எண்ணாக எடுக்க வேண்டும். கடைசியில் குளோரின் எப்படி ஓய்கிறது என்றால், HClஆக இருக்கும்போது காற்றோடு மெல்லக் கீழ் வளிமண்டலத்துக்கு இறங்கி, மழையில் கரைந்து மண்ணுக்கு வந்துவிடுகிறது.

இந்தக் கணக்கில் என் மனத்தில் தங்குவது ஒன்று உண்டு. சங்கிலி நீளம் மட்டும் ஒரு லட்சத்தைத் தரவில்லை, இரண்டாயிரத்தைத்தான் தந்தது. மீதி ஐம்பது, அறுபது மடங்கு, HCl என்ற சேமிப்பிலிருந்து குளோரின் திரும்பத் திரும்ப வெளியே வருவதால் கிடைத்தது. "ஏன் ஓர் அணு பலவற்றை அழிக்கிறது" என்ற கேள்விக்கு "படி 2இல் குளோரின் திரும்பக் கிடைக்கிறது" என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அது பாதி விடை.

இதே கணக்கை 30 கிலோமீட்டரில் போட்டால்

அங்கே காற்று அடர்த்தி அதிகம் என்பதால் O அணுக்கள் உண்டானவுடன் O2வோடு சேர்ந்துவிடுகின்றன. அவற்றின் எண்ணிக்கை 40 கிலோமீட்டரில் இருப்பதில் முப்பதில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். NO அவ்வளவு குறைவதில்லை. ஆகவே இருபது சுற்றுக்கு ஏதோ ஒன்றுதான் உண்மையானது, மற்றதெல்லாம் வெற்றுச் சுற்று. போதாக்குறைக்கு ClO, NO2வோடு சேர்ந்து ClONO2 என்ற இன்னொரு சேமிப்பிலும் அடைகிறது. தொடக்கத்தில் 40 கிலோமீட்டரைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் காரணம். 1974இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் சிஎஃப்சியைப் பற்றி எச்சரித்தபோது எதிர்பார்க்கப்பட்ட அழிவும் மேல் அடுக்கு மண்டலத்தில்தான் அதிகம். அந்த வேலைக்காக 1995இல் பால் குருட்சனோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்கள்.

அப்படியிருக்க 1985இல் அண்டார்க்டிகாவின் ஹாலி பே நிலையத்து அளவீடுகள் வெளியானபோது, வசந்த காலத்தில் அங்கே ஓசோன் பெருமளவு குறைந்திருப்பது தெரிந்தது. குறைவு இருந்ததோ 15 முதல் 20 கிலோமீட்டரில், O அணுவே அரிதாக இருக்கும் இடத்தில். நாம் எழுதிய படி 2 அங்கே நடக்க வழியில்லை. அங்கே ஓடுவது வேறு சுழற்சி. நீண்ட துருவ இரவின் கடுங்குளிரில் உண்டாகும் மேகத் துகள்களின் மேல் HClஉம் ClONO2உம் வினை புரிந்து Cl2 ஆகின்றன. சூரியன் திரும்பியதும் Cl2 உடைந்து ClO பெருகுகிறது. பிறகு ClO இன்னொரு ClOவோடு சேருகிறது:

```
2 (Cl• + O3 → ClO• + O2)
ClO• + ClO• + M → Cl2O2 + M
Cl2O2 + ஒளி → Cl• + ClOO•
ClOO• + M → Cl• + O2 + M
-----------------------------
மொத்தம்: 2 O3 → 3 O2
```

O அணு எங்கும் இல்லை என்பதைப் பாருங்கள். கேள்வி அண்டார்க்டிகாவைப் பற்றியது என்றால் இந்தச் சுழற்சியை எழுத வேண்டும். பொதுவாக அடுக்கு மண்டலம் என்றால் முந்தையது. நம் வெப்பமண்டல வானத்தில் அந்தக் குளிர் மேகங்கள் ஓசோன் படலத்தின் உயரத்தில் உண்டாவதில்லை. அதனால் மலேசியாவுக்கு மேல் அப்படி ஓர் ஓட்டை விழவில்லை.

நீங்களே போட்டுப் பார்க்க: ஃபுளோரினும் புரோமினும்

சுழற்சி புரிந்துவிட்டதா என்று பார்க்க நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கணக்கு இது. Clஐ எடுத்துவிட்டு, அந்த இடத்தில் F, அப்புறம் Br வைத்து எழுதச் சொல்வேன். மூன்றுக்கும் இரண்டு படிகளும் ஒரே மாதிரி எழுத வரும். ஆனால் சிஎஃப்சியில் இருக்கும் ஃபுளோரின் ஓசோனை அழிப்பதில்லை என்றே சொல்லலாம். புரோமினோ, அணுவுக்கு அணு பார்த்தால், குளோரினைவிடச் சுமார் 60 மடங்கு மோசமானது. ஏன்?

விடை படி 1இலோ படி 2இலோ இல்லை, வெளியேறும் வழியில் இருக்கிறது. மீத்தேனின் C–H பிணைப்பை உடைக்க 439 கிலோஜூல்/மோல் வேண்டும். அதற்கு ஈடாக உண்டாகும் பிணைப்புகளைப் பாருங்கள்: H–F சுமார் 570, H–Cl 431, H–Br 366.

ஃபுளோரினுக்கு மீத்தேனிடமிருந்து ஹைட்ரஜனைப் பறிப்பது பெரும் லாபம், நீராவியிடமிருந்துகூடப் பறித்துவிடும். HF ஆனபின் OH அதைத் தொட முடியாது. H–F பிணைப்பு தண்ணீரின் O–H பிணைப்பைவிட வலுவானது. ஒருமுறை வெளியேறினால் ஃபுளோரினுக்குத் திரும்ப வழியில்லை. புரோமினுக்கு அதே வினை 73 கிலோஜூல் நஷ்டம். ஆகவே அது மீத்தேனோடு சேர்வதே இல்லை. வேறு மூலக்கூறுகளோடு சேர்ந்து உண்டாகும் HBrஉம் BrONO2உம் சீக்கிரமே உடைந்துவிடுவதால், மேலே இருக்கும் புரோமினில் பெரும்பகுதி எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. குளோரினுக்கு வித்தியாசம் வெறும் 8 கிலோஜூல். அதனால்தான் நம் கணக்கில் அது ஒரு நாள் ஓடி, மூன்றரை நாள் முடங்கி, மறுபடி ஓடியது. புரோமினுக்கு முடக்க நாட்களை அரை நாளாகக் குறைத்து, வருடத்துக்கு எத்தனை ஓட்டம் வருகிறது என்று அதே தாளில் போட்டுப் பாருங்கள்.